குறியெண்ணும் கோடும் இலக்கும்: உடற்பருமன் அளவீட்டின் வரலாறு

2004ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஒளிப்படம் வெளியானது. அதில் இரு மருத்துவ அறிஞர்கள் அருகருகே நிற்கின்றனர். ஒருவர் புனே கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக். மற்றவர் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஜான் யட்கின். இருவருடைய உடல் நிறைக் குறியெண்ணும் 22.3 தான். எந்த அட்டவணையில் தேடினாலும் இருவரும் இயல்பான எடை உடையவர்களே. ஆனால் உடற்கொழுப்பை அளந்தபோது யட்கினுக்கு 9.1 விழுக்காடும் யாஜ்னிக்கிற்கு 21.2 விழுக்காடும் இருந்தன. ஒரே எண்ணைப் பெற்ற இரண்டு உடல்களில் ஒன்றில் மற்றதைப் போல் இரு மடங்குக்கும் மேலான கொழுப்பு இருந்தது.

இந்தியாவின் மருத்துவமனைகளில் இன்று உடற்பருமனை வரையறுப்பது பெரும்பாலும் இந்த எண்ணே. எடை குறைக்க வருவோருக்கு இலக்கு வைப்பதும் பல வேளைகளில் இதைக் கொண்டுதான். எனவே இந்த எண் எதற்காகப் பிறந்தது, அதன்மேல் கோடுகளை இழுத்தவர் யார், அக்கோடுகள் எதைச் சொல்கின்றன என்பதை அறிவது வரலாற்று ஆர்வத்தோடு நின்றுவிடும் செய்தி அன்று.

எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீட்டரிலும் கொண்டு, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறைக் குறியெண். இதன் வேர் பெல்ஜியத்தில் இருக்கிறது. அடோல்ப் கெட்லே மருத்துவர் அல்லர்; பிரஸ்ஸல்ஸ் வானாய்வகத்தை நிறுவிய வானியலாளர், புள்ளியியலாளர். விண்மீன்களின் இருப்பிடத்தைக் கணிக்கையில் நேரும் பிழைகள் ஒரு சராசரியைச் சுற்றி ஒழுங்காகப் பரவுவதைக் கண்ட அவர், அதே ஒழுங்கை மனிதக் கூட்டத்திலும் தேடினார். 1835இல் வெளியான அவருடைய நூலின் மையக் கருத்து ‘சராசரி மனிதன்’ என்பதாகும். உடல் எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் வளருமானால் எடை உயரத்தின் கனத்திற்கு ஏற்பக் கூட வேண்டும். ஆனால் வளர்ந்த மனிதர்களை ஒப்பிட்டபோது எடை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டியே கூடுவதை அவர் கண்டார். உடற்பருமன் அவர் ஆராய்ச்சியின் பொருளாகவே இல்லை. ஒரு மக்கள்தொகையின் உடலமைப்பை விவரிப்பது மட்டுமே அவர் நோக்கம்.

அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அவ்விகிதம் மருத்துவத்தில் பெரிதாகப் பேசப்படவில்லை. அமெரிக்காவில் எடைக்கு அளவுகோல் வகுத்தவை ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களே. மெட்ரோபாலிட்டன் நிறுவனம் 1940களிலும் 1959இலும் வெளியிட்ட அட்டவணைகள், காப்பீடு எடுத்தவர்களின் இறப்புக் கணக்குகளிலிருந்து பிறந்தவை. அவை மனிதர்களைச் சிறிய, நடுத்தர, பெரிய எலும்புக்கட்டு உடையோர் எனப் பிரித்தன. எலும்புக்கட்டை அளப்பது எப்படி என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை. இக்குறையைக் கண்டித்தவர்களுள் உடலியங்கியல் அறிஞர் ஆன்சல் கீஸ் முதன்மையானவர். 1972இல் அவரும் அவர் குழுவினரும் ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களின் அளவுகளை எடுத்துக்கொண்டு, எடையையும் உயரத்தையும் இணைக்கும் பல விகிதங்களைத் தோலடிக் கொழுப்பின் தடிப்போடு ஒப்பிட்டனர். அவற்றுள் கெட்லேயின் விகிதம் மற்றவற்றுக்குக் குறைந்ததன்று என்று கண்டு, ‘உடல் நிறைக் குறியெண்’ என்று அதற்குப் பெயரிட்டனர். அது முழுநிறைவானது என்று அவர்கள் உரிமை கோரவில்லை. மக்கள் கூட்டங்களை ஒப்பிட எளிதான கருவி என்பதே அவர்கள் தந்த மதிப்பு. அவ்வாய்வில் பெண்கள் இடம்பெறவில்லை, இந்தியர்களும் இல்லை.

கருவி கிடைத்தபின் அதன்மேல் கோடுகள் வந்தன. 1990களில் உலக நலவாழ்வு நிறுவனத்தின் வல்லுநர் குழுக்கள் 25ஐ மிகை எடையின் தொடக்கமாகவும் 30ஐ உடற்பருமனின் தொடக்கமாகவும் வகுத்தன. குறியெண் ஏற ஏற நோயும் இறப்பும் கூடுவதைக் காட்டிய தரவுகள் அக்குழுக்களின் முன் இருந்தன; அவற்றுள் பெரும்பகுதி ஐரோப்பிய, அமெரிக்க மக்களுடையவை. அத்தரவுகளில் இடர் படிப்படியாக ஏறுகிறதே அன்றி 24.9க்கும் 25க்கும் இடையே ஒரு மதில் இல்லை. நிர்வாக வசதிக்காக வளைகோட்டின் மேல் நடப்பட்ட எல்லைக் கற்கள் என்றே இவ்வெண்களைக் கொள்ள வேண்டும்.

அக்கற்கள் இந்தியாவில் பொருந்தவில்லை. குறியெண் 25ஐத் தொடுவதற்கு முன்பே நீரிழிவும் இரத்தக் கொழுப்புச் சீர்கேடும் இந்தியர்களிடம் மிகுந்து காணப்பட்டன. யாஜ்னிக், யட்கின் ஒளிப்படம் சுட்டியது இதையே. 2004இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் வல்லுநர் குழு, பன்னாட்டுக் கோடுகளை மாற்றாமல், ஆசிய மக்களுக்கு 23, 27.5 ஆகியவற்றைக் கூடுதல் நடவடிக்கைப் புள்ளிகளாகச் சேர்த்தது. 2009இல் வெளியான இந்திய மருத்துவர்களின் இணக்க அறிக்கை அதைவிட ஓரடி முன்சென்று, 23 முதல் 24.9 வரை மிகை எடை, 25க்கு மேல் உடற்பருமன் என வகுத்தது. அதே அறிக்கை இடுப்புச் சுற்றளவுக்கும் எல்லை வகுத்தது: ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர்.

இடுப்பு இங்கே நுழைந்ததற்குக் காரணம் உண்டு. கொழுப்பின் அளவோடு அது தங்கும் இடமும் நோயைத் தீர்மானிக்கிறது என்பதை 1947லேயே பிரெஞ்சு மருத்துவர் ழான் வாக் எடுத்துரைத்தார். தொடையிலும் பிட்டத்திலும் தோலடியில் தங்கும் கொழுப்பு ஒப்பீட்டளவில் சாது. வயிற்றுள் உறுப்புகளைச் சுற்றித் தங்கும் கொழுப்பு, கல்லீரலில் கொழுப்புப் படிவதோடும் இன்சுலினுக்கு உடல் சரிவரப் பணியாமையோடும் நெருங்கிய தொடர்புடையது. எடைத் தராசு இவ்விரண்டையும் பிரித்தறியாது; தசையையும் கொழுப்பையும் கூடப் பிரித்தறியாது. அளவுநாடா முழுமையாக இல்லாவிடினும் ஓரளவு பிரித்தறிகிறது.

ஆனால் நாடாவைச் சுற்றும் இடம் தவறினால் அந்த ஆதாயமும் போய்விடும். உலக நலவாழ்வு நிறுவனத்தின் முறைப்படி, பக்கவாட்டில் கடைசி விலா எலும்பின் கீழ்விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே நாடா சுற்றப்பட வேண்டும். மூச்சை இயல்பாக வெளியேவிட்ட நிலையில், வயிற்றை உள்ளிழுக்காமல், நாடா தோலை அழுத்தாமல் அளக்க வேண்டும். அமெரிக்க முறையோ இடுப்பெலும்பின் மேல்விளிம்பிலேயே அளக்கிறது. இரு முறைகளும் ஒரே மனிதரிடம் வெவ்வேறு எண்களைத் தரக்கூடும் என்பதால், முதன்முறை அளந்த இடத்திலேயே அடுத்த முறையும் அளந்தால்தான் மாற்றத்தை நம்ப முடியும். கால்சட்டையின் அளவு இதற்கு ஈடாகாது. தொப்பை பெருத்தவர் பலர் அதன் கீழேயே கால்சட்டையைக் கட்டுவதால், அவ்வளவு பல்லாண்டு மாறாமலே இருக்கும்.

இனி இலக்கு. 165 சென்டிமீட்டர் உயரமும் 74 கிலோ எடையும் 96 சென்டிமீட்டர் இடுப்பும் கொண்ட ஓர் ஆணை எடுத்துக்கொள்வோம். அவருடைய குறியெண் 27.2. பன்னாட்டு அட்டவணையில் அவர் மிகை எடையினர். இந்திய அட்டவணையில் உடற்பருமன் உடையவர். ‘இயல்பு’ என்னும் கட்டத்திற்குள் நுழைய அவர் எடை 62.6 கிலோவுக்குக் கீழே இறங்க வேண்டும். அதாவது 11 கிலோவுக்கும் மேல், உடல் எடையில் ஏறத்தாழ 15 விழுக்காடு குறைய வேண்டும். உணவுக் கட்டுப்பாட்டாலும் நடையாலும் இவ்வளவு குறைத்து, அதைத் தக்கவைப்போர் மிகச் சிலரே. எடை குறையும்போது உடல் செலவிடும் ஆற்றலும் குறைகிறது, பசி கூடுகிறது. பெரும்பாலோரிடம் ஆறு மாத அளவில் இறக்கம் தளர்ந்து, பின்னர் மெல்ல ஏற்றம் தொடங்குகிறது. மனவுறுதிக் குறைவாகக் கருதப்படும் இது உடலின் தற்காப்பு.

2002இல் முடிவுகள் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்புத் திட்டம் அட்டவணையை இலக்காக வைக்கவில்லை. நீரிழிவின் வாசலில் நின்ற 3,234 பேர் அதில் பங்கேற்றனர். வாழ்க்கைமுறைப் பிரிவினருக்கு வைக்கப்பட்ட இலக்கு 7 விழுக்காடு எடைக் குறைப்பும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும். சராசரியாகக் குறைந்தது 5.6 கிலோ மட்டுமே. அவர்களுள் பலர் அதன்பின்னும் உடற்பருமன் கட்டத்திலேயே இருந்தனர். எனினும் புதிதாக நீரிழிவு தோன்றுவது, ஒப்பீட்டுப் பிரிவை விட 58 விழுக்காடு குறைந்தது. குறைந்த எடையின் பெரும்பகுதி மீண்டும் ஏறிய பின்னும், பத்தாண்டு முடிவில் அப்பயனில் ஒரு பங்கு எஞ்சியிருந்தது.

சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் 531 பேரிடம் நடந்து 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு இன்னும் கூர்மையான செய்தியைத் தந்தது. அங்கே வாழ்க்கைமுறை மாற்றம் பெற்ற பிரிவில் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவேயில்லை. ஆயினும் மூன்றாண்டில் நீரிழிவு அடைந்தோர் ஒப்பீட்டுப் பிரிவில் 55 விழுக்காடாகவும் இப்பிரிவில் 39.3 விழுக்காடாகவும் இருந்தனர். தராசு காட்டாத நன்மையை இரத்தப் பரிசோதனை காட்டியது.

இவற்றைக் கொண்டு அந்த மனிதருக்கு இலக்கு வைத்தால், ஆறு மாதத்தில் 5 விழுக்காடு என்பது 3.7 கிலோ, 7 விழுக்காடு என்பது 5.2 கிலோ. மாதம் ஒரு கிலோவுக்கும் குறைவு. 68.8 கிலோவை அடைந்தபோது அவர் குறியெண் 25.3 ஆகியிருக்கும். இந்திய அட்டவணை அப்போதும் அவரை உடற்பருமன் கட்டத்தை விட்டு வெளியே விடாது. அந்த எண்ணை மட்டும் பார்க்கும் மருத்துவர் அவரைத் தோற்றவராகக் கருதக்கூடும். அவரும் மனம் சோர்ந்து நடையைக் கைவிடக்கூடும். இடுப்பு அளவையும் இரத்தச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் சேர்த்துப் பார்க்கும் மருத்துவரோ, அவர் பெற்ற பயனைக் கண்டு, இனி அவ்வெடையைத் தக்கவைப்பதே அடுத்த இலக்கு என்பார். மூட்டுவலி, உறக்கத்தில் மூச்சுத் தடை, கொழுப்புக் கல்லீரல் அழற்சி ஆகியவை இருப்பின் 10 விழுக்காடோ அதற்கு மேலோ தேவைப்படலாம். செமாக்ளுடைடு போன்ற புதிய மருந்துகள் அதை எட்டச் செய்கின்றன. நிறுத்தினால் எடையின் பெரும்பகுதி திரும்புகிறது என்பதும் ஆய்வுகளில் தெளிவாகியுள்ளது.

2025 ஜனவரியில் லான்செட் குழுமத்தின் ஆணையம் ஒன்று இந்த நெடுங்கதையைத் திருத்த முயன்றது. குறியெண்ணை மட்டும் வைத்து ஒருவரை நோயாளி என்று அறிவிக்கலாகாது என்றும், இடுப்புச் சுற்றளவு போன்ற வேறோர் அளவால் மிகைக் கொழுப்பை உறுதிசெய்ய வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. மிகைக் கொழுப்பால் உறுப்புகளின் செயல் கெட்ட நிலையை நோயாகவும், இன்னும் கெடாத நிலையை இடராகவும் அது பிரித்தது. இதன்படி, 27.2 என்ற எண் அந்த மனிதரைப் பரிசோதனை அறைக்குள் அழைக்கும் அழைப்பு மட்டுமே. அவருக்கு நோய் உண்டா, எவ்வளவு எடை குறைய வேண்டும் என்பவை உள்ளே அளந்தறிந்து விடைகாண வேண்டிய கேள்விகள்.