‘ஸ்ஸ்ஸ்…’ பிறந்த கதை

1842-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்பியாவில் ஒரு மருத்துவப் பாடநூல் வெளியானது. எழுதியவர் ராப்ளி டங்ளிசன். அதிபர் தாமஸ் ஜெஃபர்சனுக்குக் கடைசிக் காலத்தில் வைத்தியம் பார்த்த டாக்டர். குரல்வளையின் தசைகள் இறுகி மூச்சை அடைக்கும் ஒரு கோளாறு பற்றி அந்த நூலில் அவர் எழுதியிருந்தார். குழந்தைகளின் தொண்டையை அடைக்கும் ‘குரூப்’ நோயைப் போல இருந்தது. ஆனால் காரணம் ஹிஸ்டீரியா என்று அவர் நினைத்தார். அதனால் ‘ஹிஸ்டீரியா குரூப்’ என்று பெயர் வைத்தார். தொண்டைக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. உயிரோடு இருக்கும் மனிதனின் குரல் நாண்கள் அசைவதை அதுவரை யாரும் தெளிவாகப் பார்த்ததில்லை.

முதலில் நன்றாகப் பார்த்தவர் டாக்டர் இல்லை, ஒரு பாட்டு வாத்தியார். மானுவல் கார்சியா ஸ்பெயினில் பிறந்து லண்டனில் இசை கற்பித்தவர். தம் மாணவர்களின் குரல் எங்கே, எப்படிப் பிறக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அவருக்குத் தீராத ஆசை. 1854-ல் பாரிஸுக்குப் போயிருந்தபோது, வெயிலில் மின்னிய கண்ணாடியைக் கண்டு அவருக்கு ஒரு யோசனை உதித்தது. ஒரு கருவிக் கடைக்கு ஓடினார். பல் டாக்டர்களுக்காகச் செய்து, லண்டன் கண்காட்சியில் வைத்து, யாரும் சீந்தாமல் திரும்பி வந்த நீளக் கைப்பிடிச் சின்னக் கண்ணாடி ஒன்று அங்கே கிடந்தது. ஆறு பிராங்க் கொடுத்து வாங்கினார். வெந்நீரில் சூடாக்கி, தம் உள்நாக்கை ஒட்டி வைத்து, இன்னொரு கண்ணாடியால் சூரிய ஒளியை அதன்மேல் திருப்பினார். குரல் நாண்கள் இரண்டும் விரிவதும் நெருங்குவதும் அவர் கண்ணெதிரே தெரிந்தன. பாடகர்களுக்காகப் பிறந்த இந்த வித்தை அடுத்துப் போய்ச் சேர்ந்தது நோயாளிகளிடம்.

வியன்னா டாக்டர்கள் அந்தக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்து அது லண்டனின் மோரல் மெக்கன்சியிடம் வந்தது. தொண்டைக்கென்றே தனி மருத்துவமனை தொடங்கியவர் அவர். 1860-களின் கடைசியில், மூச்சுத் திணறலோடு வந்த சிலரின் தொண்டையில் அந்தக் கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது தலைகீழான ஒரு காட்சியைக் கண்டார். மூச்சை உள்ளே இழுக்கும்போது குரல் நாண்கள் விலகி வழிவிட வேண்டும். இவர்களுக்கோ அதே நேரத்தில் அவை ஒன்றை ஒன்று நெருங்கி வாசலை மூடின. பிறகு வில்லியம் ஆஸ்லர் என்ற மருத்துவரும் தம் புகழ்பெற்ற பாடநூலில் இதைக் குறித்து வைத்தார். நோய் பிடிபட்டாயிற்று என்றே தோன்றியது. ஆனால் அதற்குப் பிறகு மருத்துவ உலகம் அதைக் கிட்டத்தட்ட மறந்தே போனது.

மறதிக்குக் காரணம், இந்த நோய் போட்டுக்கொண்ட வேடம். குரல் நாண்கள் நெருங்கும்போது இடுக்கு வழியே காற்று கீச்சிடும். அந்தச் சத்தம் மூச்சுக்குழல் வழியே இறங்கி மார்பு முழுவதும் பரவும். ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தால் அசல் ஆஸ்துமாவின் வீசிங் போலவே கேட்கும். ஆஸ்துமாவுக்கு நல்ல மருந்துகள் வந்த பிறகு நிலைமை இன்னும் சிக்கலானது. இன்ஹேலர் கேட்கவில்லை என்றால் அளவைக் கூட்டினார்கள். அதுவும் கேட்கவில்லை என்றால் ஸ்டீராய்டு மாத்திரை. முகம் உப்பியது, எடை ஏறியது, எலும்பு தேய்ந்தது. மூச்சுத் திணறல் மட்டும் போகவில்லை. 1974-ல் வெளிவந்த ஒரு மருத்துவக் கட்டுரை, திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரியில் சேர்ந்த ஒரு பெண்ணின் தொண்டைச் சத்தத்துக்கு ‘முன்சாசன் ஸ்ட்ரிடர்’ என்று பெயரிட்டது. முன்சாசன் என்றால் கதை கட்டுவதில் பேர்போன ஜெர்மானியப் பிரபு. அந்தப் பெயரே நோயாளியைப் பொய்க்காரியாக்கியது.

அந்தப் பழியைத் துடைக்கப் போகும் கருவி ஏற்கெனவே வேறொரு வேலைக்காகப் பிறந்திருந்தது. 1968-ல் ஜப்பானைச் சேர்ந்த சவாஷிமாவும் ஹிரோசேயும் கண்ணாடி இழைகளால் ஆன மெல்லிய, வளையும் குழாய் ஒன்றை மூக்கு வழியே விட்டுக் குரல் நாண்களைப் பார்க்கும் முறையை வெளியிட்டார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது மனிதன் பேசும்போது நாண்கள் அசையும் விதம். வாய்க்குள் கண்ணாடியை வைத்தால் பேச முடியாது. மூக்கு வழியே போனால் பேசலாம், மூச்சுவிடலாம், திணறலின் நடுவிலும் உள்ளே பார்க்கலாம். அந்தக் கடைசி வசதிதான் அமெரிக்காவின் டென்வர் நகரில் கைகொடுத்தது.

டென்வரின் நேஷனல் ஜூயிஷ் மருத்துவமனை 1899-ல் காசநோயாளிகளுக்காகத் திறக்கப்பட்டது. காசநோய்க்கு மருந்து வந்த பிறகு ஆஸ்துமாவுக்குப் பெயர்பெற்றது. எந்த மருந்துக்கும் மசியாத ஆஸ்துமாக்காரர்களைக் கடைசி நம்பிக்கையாக அங்கே அனுப்புவார்கள். அப்படி வந்தவர்களில் ஐந்து பேர் கென்ட் கிறிஸ்டோபர் என்ற டாக்டரையும் அவருடைய குழுவையும் குழப்பினார்கள். மெத்தகோலின் என்ற மருந்தை முகரச் செய்தால் ஆஸ்துமாக்காரரின் நுரையீரல் குழாய்கள் சுருங்கும். இந்த ஐவருக்கும் சுருங்கவில்லை. குளிர்காற்று, உடற்பயிற்சி, ஹிஸ்டமின் என்று எதைக் கொடுத்துப் பார்த்தாலும் ஆஸ்துமா தலைகாட்டவில்லை. ஆனால் வீசிங் வந்ததும் உண்மை, மூச்சு முட்டியதும் உண்மை.

துப்பு கொடுத்தது ஊதும் சோதனையின் வரைபடம். ஒருவர் பலமாக ஊதி, பிறகு பலமாக இழுக்கும்போது காற்றின் வேகத்தை இயந்திரம் ஒரு வளையமாக வரையும். ஆஸ்துமாவில் கெடுவது வெளிவிடும் மூச்சைக் காட்டும் மேல்பாதி. திணறலின்போது இவர்கள் ஊதிய படத்தில், உள்ளிழுக்கும் மூச்சைக் காட்டும் கீழ்ப்பாதியும் தட்டையாகிக் கிடந்தது. அடைப்பு நெஞ்சில் இல்லை, அதற்கு மேலே கழுத்தில் இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். திணறல் நடக்கும்போதே மூக்கு வழியே குழாயை விட்டார்கள். குரல் நாண்கள் ஒட்டி நின்றன. பின்னால் மட்டும் வைர வடிவில் ஒரு சின்னச் சந்து. மெக்கன்சி பார்த்த அதே காட்சி, ஏறக்குறைய 115 வருடம் கழித்து.

1983-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டபோது ‘குரல் நாண் செயல் கோளாறு’ என்று பெயரிட்டார்கள். ஐவரில் ஒருவருக்குக்கூடத் தம் குரல் நாண்கள் மூடிக்கொள்வது தெரியவில்லை என்றும், வேண்டுமென்று செய்யச் சொன்னாலும் அவர்களால் செய்ய முடியவில்லை என்றும் அதில் எழுதினார்கள். நடிப்பு என்ற பழி அந்த இடத்தில் உடைந்தது. ஆனால் நோய்க்குப் பெயர் கிடைத்தால் போதுமா? நுரையீரல் மருந்து எதுவும் தொண்டைத் தசைக்கு உதவாது. அறுவை சிகிச்சைக்கு அங்கே கட்டியும் இல்லை, புண்ணும் இல்லை.

வைத்தியம், கட்டுரையை எழுதியவர்களில் ஒருவரிடமே இருந்தது. ஃப்ளோரன்ஸ் பிளேகர் பேச்சுப் பயிற்சி நிபுணர், ஸ்பீச் தெரபிஸ்ட். இறுகிப்போன குரல்களைத் தளர்த்துவது அந்தத் தொழிலின் அன்றாட வேலை. குரலைத் தளர்த்தும் முறையே மூச்சுக்கும் பொருந்தியது. அதில் மருந்தும் இல்லை, கருவியும் இல்லை. தோள்களைத் தளர விட வேண்டும். நாக்கைக் கீழ்ப்பற்களுக்குப் பின்னால் படுக்க வைத்து, தாடையை இறுக்காமல், உதடுகளை லேசாக மூடி, மூக்கால் மெதுவாக மூச்சை வயிறுவரை இழுக்க வேண்டும். பிறகு பல்லிடுக்கு வழியாக ‘ஸ்ஸ்ஸ்…’ என்று நிதானமாக வெளியே விட வேண்டும். நாலைந்து மூச்சு, நாளுக்குப் பலமுறை. இவ்வளவுதான். இன்று உலகமெங்கும் ஸ்பீச் தெரபிஸ்டுகள் முதல் பாடமாகச் சொல்லித் தருவது இதைத்தான்.

பார்க்கச் சாதாரணமாகத் தெரிந்தாலும் ஒவ்வொரு படிக்கும் காரணம் உண்டு. ‘ஸ்’ ஒலிப்பில்லா மெய். அதைச் சொல்லும்போது குரல் நாண்கள் அதிர்வதில்லை, விலகியே நிற்கும். ஆக, அந்தச் சத்தம் வரும்வரை வாசல் திறந்திருக்கிறது என்று பொருள். மூக்கால் இழுப்பதும் அப்படியே: மூக்கால் முகரும்போது நாண்கள் தாமாக விரிகின்றன. பயத்தில் வாயால் ‘ஹக்’கென்று காற்றை இழுப்பதுதான் ஆபத்து. நனைந்த காகித ஸ்ட்ராவைப் பலமாக உறிஞ்சினால் அது உள்ளே ஒட்டிக்கொள்ளும். இறுகிய தொண்டையிலும் இழுக்க இழுக்க நாண்கள் உள்நோக்கி ஈர்க்கப்பட்டு இன்னும் நெருங்கும்.

ஒரு திணறல் எப்படி அடங்குகிறது என்று பார்த்தால் இது புரியும். மாடிப்படி ஏறியதும், அல்லது ஊதுபத்திப் புகையோ பினாயில் நெடியோ பட்டதும், நோயாளிக்குக் கழுத்தில் யாரோ கயிற்றை இறுக்கியதுபோல் இருக்கும். மூச்சை இழுக்கும்போது கீச்சொலி கேட்கும். பயிற்சி பெற்றவர் அப்போது இழுக்க முயல மாட்டார், முதலில் விடுவார். கையில் இருக்கும் கொஞ்சக் காற்றை ‘ஸ்ஸ்’ என்று விட்டதும் நாண்கள் சற்று விலகும். அடுத்து மூக்கால் ஒரு சின்ன மூச்சு. அதையும் ‘ஸ்ஸ்’ என்று விடுவது. கவனம் தொண்டையிலிருந்து வயிற்றுக்கும் பல்லிடுக்குக்கும் நகர்ந்துவிடும். சில மூச்சுகளிலேயே கீச்சொலி தணியத் தொடங்கும். திணறல் வந்த பிறகு கற்றுக்கொள்ளப் பார்த்தால் பலிக்காது. நன்றாக இருக்கும் நாட்களில் பழகியிருந்தால்தான் அந்த நேரத்தில் உடம்பு கேட்கும்.

பயிற்சி வந்த பிறகும் கதையில் ஒரு திருப்பம் பாக்கி இருந்தது. 1983 கட்டுரை இதைப் பெரும்பாலும் மனம் சார்ந்த கோளாறு என்றே நினைத்தது. 1995-ல் அதே டென்வர் மருத்துவமனை 95 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டது. அவர்களில் 53 பேருக்கு அசல் ஆஸ்துமாவும் கூடவே இருந்தது. ஆஸ்துமா இல்லாத 42 பேர், சராசரியாக 4.8 வருடம் ஆஸ்துமாக்காரர்களாகவே நடத்தப்பட்டிருந்தார்கள். கால் பங்குக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொண்டையில் குழாய் இறக்கிச் செயற்கைச் சுவாசம்கூடக் கொடுத்திருந்தார்கள். அடுத்து, மனதில் எந்தக் குறையும் இல்லாத முன்னணி விளையாட்டு வீரர்களிடமும் இது தென்பட்டது. இரைப்பை அமிலம் தொண்டைக்கு ஏறுவது, மூக்குச்சளி பின்னால் வடிவது, கடும் உழைப்பு, நெடி, பதற்றம் என்று தூண்டுகோல்கள் பல என்பது தெளிவாயிற்று. அவற்றையும் சேர்த்துச் சரிசெய்தால்தான் பயிற்சியின் பலன் நிலைக்கும்.

ஆஸ்துமாவும் இதுவும் ஒருவரிடமே சேர்ந்திருக்கக்கூடும் என்பதால், ‘ஸ்ஸ்’ பழகிவிட்டோம் என்று டாக்டரைக் கேட்காமல் இன்ஹேலரைத் தூக்கிப் போடுவது தவறு. முதன்முதலாக வரும் தொண்டை அடைப்பையும், முகவீக்கத்தோடோ உணவு புரையேறியதாலோ வரும் அடைப்பையும் அவசர நிலையாகத்தான் கருத வேண்டும். மற்றபடி, மூச்சை விடும்போதைவிட இழுக்கும்போது அதிகச் சத்தம் போட்டு, நெஞ்சைவிடக் கழுத்தை இறுக்கி, இன்ஹேலருக்கு அசையாத ‘ஆஸ்துமா’ எதுவானாலும், ஸ்டீராய்டின் அளவைக் கூட்டுவதற்கு முன்னால் ஒருமுறை தொண்டைக்குள் பார்த்துவிடுவதே முறை.