வினையும் விதியும்

அநுராதபுரத்தைத் தலைநகராக அமைத்த பண்டுகாபய மன்னன், நகரின் புறத்தே பல சமயத் துறவியர்க்கும் உறையுள் அமைத்துக் கொடுத்தான் என்று மகாவமிசம் கூறுகின்றது. அவ்வாறு இடம் பெற்றவர்களுள் ஆசீவகர் என்போரும் இருந்தனர். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோக மன்னன், தான் அரசேற்ற 12ஆம் ஆண்டில், இன்றைய பீகார் மாநிலத்திலுள்ள பராபர் மலையிற் குடைந்த குகைகள் இரண்டை இதே ஆசீவகருக்கு வழங்கினான். அக்குகைச் சுவர்களின் வழவழப்பும் அவற்றிற் பொறித்த சாசனமும் இன்றும் காணக்கூடியன. பேரரசன் ஒருவனின் கொடைக்கு உரியவராய் இருந்த இக்கூட்டத்தார் கொண்டிருந்த கொள்கை யாது? மனிதன் முயன்று செய்வது என ஒன்றும் இல்லை. யாவும் முன்னரே வகுத்தபடி நடக்கின்றன என்பதே அது.

இன்று பலரும் கன்மம், விதி, ஊழ் என்னும் சொற்களை ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்து வழங்குகின்றனர். "எல்லாம் அவன் கர்மம்" என்பதும் "எல்லாம் அவன் தலைவிதி" என்பதும் ஒரே பொருளில் ஒலிக்கின்றன. ஆயினும், கன்மக் கொள்கை வட இந்தியாவில் உருப்பெற்ற காலத்தில் அதற்கு முதற் பகையாய் எதிர்நின்றது விதிக் கொள்கையே. அந்த வழக்கை அறிந்தாலன்றி இரண்டின் வேற்றுமையும் விளங்காது.

ஆசீவகரின் தலைவர் மற்கலி கோசாலர். புத்தருக்கும் மகாவீரருக்கும் சமகாலத்தவர். மணிமேகலையிலும் மற்கலி என்னும் பெயர் வருகின்றது. அவருடைய நூல்கள் எவையும் எஞ்சவில்லை. அவரைப் பற்றி நாம் அறிவதெல்லாம் பௌத்தரும் சமணரும் எழுதி வைத்தனவே. எதிரிகள் எழுதிய குறிப்புக்களைக் கொண்டு ஒருவரை அறிவதில் உள்ள இடரை மறத்தல் ஆகாது. எனினும் இரு தரப்பாரும் ஒரே செய்தியைக் கூறுவதால், கொள்கையின் சாரம் அதுவேயென நம்ப இடமுண்டு. உயிர்கள் தூய்மையடைவதற்கோ மாசடைவதற்கோ காரணம் இல்லை. முயற்சி, ஆற்றல், வீரம் என்பன வெறும் சொற்கள். நியதி ஒன்றே உண்மை. உயிர் ஒவ்வொன்றும் 84 இலட்சம் மகாகற்பங்கள் பிறந்து உழன்றே தீரும். உருட்டிவிட்ட நூற்பந்து நூல் முடியும் வரை அவிழ்ந்து ஓடி நிற்பது போல, அறிவுடையோனும் பேதையும் ஒருங்கே அக்கால எல்லையை ஓடி முடித்துத் துன்பத்தினின்றும் நீங்குவர். அவ்வாறாயின் ஆசீவகர் ஏன் கடுந்தவம் புரிந்தனர் என்று வினவினால், தவம் புரிவதும் அவர்களுக்கு வகுக்கப்பட்டதே என்பதுதான் அக்கொள்கையிலிருந்து கிடைக்கும் விடை. இவ்விடையில் முரண்பாடு இல்லை. விதிக் கொள்கையை வாதத்தால் வீழ்த்துதல் எளிதன்று என்பது இதனாற் புலனாகும்.

அதனை ஒருவர் வாதத்தாலன்றி வாழ்க்கையைக் காட்டி வீழ்த்தினார். சமணரின் அங்க நூல்களுள் ஒன்றாகிய உவாசகதசாவில் அந்தக் கதை உள்ளது. போலாசபுரம் என்னும் ஊரிலே சத்தாலபுத்தன் என்னும் குயவன் இருந்தான். ஊர்ப்புறத்தில் அவனுக்கு 500 கடைகள் இருந்தன. அவன் கோசாலரின் அடியான். ஒரு நாள் அவன் மட்கலங்களை வெயிலிற் காயவைத்துக்கொண்டிருந்தபோது, மகாவீரர் இக்கலம் எவ்வாறு உண்டாயிற்று என வினவினார். முதலில் வெறும் மண்ணாய் இருந்தது, நீர்விட்டுப் பிசைந்தோம், சாம்பலும் சாணமும் கலந்தோம், பின்னர் சக்கரத்தில் ஏற்றினோம் என்றான் அவன். அங்ஙனமாயின் இது முயற்சியால் உண்டானதோ, முயற்சியின்றி உண்டானதோ என்று மகாவீரர் கேட்டார். கொள்கையைக் கைவிடாத குயவன், முயற்சியின்றியே உண்டானது, யாவும் நியதமானவை என்றான். தன் கைகள் செய்த வேலையை ஒவ்வொரு படியாக விரித்துரைத்த அதே வாயால் இதனையும் கூறினான்.

மகாவீரர் மேலும் கேட்டார். உன் ஆட்களுள் ஒருவன் இக்கலங்களைத் திருடினாலோ உடைத்தாலோ, உன் மனைவியிடம் தகாத முறையில் நடந்தாலோ நீ என்ன செய்வாய்? வைவேன், அடிப்பேன், கட்டி வைப்பேன், உயிரையும் வாங்குவேன் என்றான் குயவன். முயற்சி என ஒன்று இல்லையென்றால், அவன் உடைக்கவும் இல்லை, திருடவும் இல்லை; நீ அடிப்பதற்கும் ஒருவரும் இல்லை. அடிப்பாயாயின், யாவும் நியதம் என்று நீ சொல்வது பொய்யாகும் என்றார் மகாவீரர். சத்தாலபுத்தன் அன்றே ஆசீவகத்தை விட்டு நீங்கினான்.

விதிக்கும் கன்மத்துக்கும் உள்ள வேற்றுமை இக்கதையில் முழுதும் அடங்கியுள்ளது. விதி என்னும் கொள்கை, செய்தவனை நிகழ்ச்சியினின்றும் நீக்கிவிடுகின்றது. கன்மம் என்னும் கொள்கையோ செய்தவனை அதன் நடுவே நிறுத்துகின்றது. ஒருவன் இன்று நுகர்வது முன்பு அவனே செய்ததன் பயன். இன்று செய்வது நாளை நுகர்வதற்கு விதை. முன்னது மாற்றலாகாதது போலத் தோன்றினும், பின்னது அவன் கையில் உள்ளது.

இவ்விடத்தில் வேறொரு மயக்கம் எழுகின்றது. செய்ததற்குப் பயன் உண்டு என்பதே கன்மமாயின், அது வெறும் காரண காரிய நியதிதானே, நெருப்பைத் தொட்டாற் சுடுவது போன்றதுதானே எனச் சிலர் எண்ணுவர். வினை விதைத்தவன் வினையறுப்பான் என்னும் பழமொழியும் இவ்வெண்ணத்துக்குத் துணைபோகின்றது. ஆனால், நெல் தன்னை விதைத்தவன் நல்லவனா தீயவனா என்று பார்ப்பதில்லை. தெரிந்து தொட்டவனையும் தெரியாமல் தொட்டவனையும் நெருப்பு ஒரே வகையாகவே சுடுகின்றது. கன்மம் அவ்வாறன்று.

இலங்கையிற் பேணப்பட்டு வந்த தம்மபத உரையின் முதற் கதை இதனைத் தெளிவுறக் காட்டுகின்றது. சக்குபாலர் என்னும் தேரர், மழைக்காலம் மூன்று மாதமும் படுக்காமலே தியானிப்பதென உறுதிபூண்டார். அவருக்குக் கண்ணோய் கண்டது. மருத்துவன் மூக்கு வழியே விடும் தைலம் கொடுத்து, படுத்துக்கொண்டு விடவேண்டும் என்றான். தேரரோ உறுதி குலையலாகாதென்று உட்கார்ந்தபடியே விட்டார். நோய் தணியவில்லை. செய்தியறிந்த மருத்துவன், இனி நீர் என்னிடம் மருந்துண்டதாக எவரிடமும் கூறவேண்டாம், நானும் கூறேன் என்று கைவிட்டான். தன் பெயர் கெடும் என்னும் அச்சம் அவனுக்கு. ஒரு நள்ளிரவில் தேரரின் கண்ணொளி அழிந்தது. அதே கணத்தில் அவர் உள்ளத்து மாசுகளும் அழிந்து, அவர் அருகதர் ஆயினர்.

பின்னொரு நாள் இரவில் மழை பெய்தது. மழைக்குப் பின் செந்நிறத் தம்பலப்பூச்சிகள் நிலமெங்கும் வெளிப்பட்டன. விடியுமுன் தேரர் வழக்கம்போல் உலாவ, பல பூச்சிகள் காலடியில் நசுங்கி மாண்டன. காலையில் வந்த பிக்குகள் இதனைக் கண்டு புத்தரிடம் முறையிட்டனர். அவர் கொல்வதை நீங்கள் பார்த்தீர்களா என்று புத்தர் வினவினார். இல்லை என்றனர். நீங்கள் அவரைக் காணாதவாறு போலவே அவரும் பூச்சிகளைக் காணவில்லை என்று புத்தர் விடையளித்தார். கால் பட்டது காரணம், பூச்சி மாண்டது காரியம், இதில் ஐயமில்லை. ஆயினும் கொலை என்னும் கன்மம் அங்கே இல்லை. ஏனெனில் பௌத்தத்தில் கன்மம் என்பதன் உயிர்நிலை சேதனை. அதாவது, மனத்தின் துணிவு.

அவர் குருடானது ஏன் என்பதற்கும் அக்கதை விடை கூறும். முற்பிறவியில் அவர் ஒரு கண்மருத்துவர். நோயுற்ற பெண்ணொருத்தி, குணமானால் தானும் மக்களும் அவருக்கு அடிமையாவதாக வாக்களித்தாள். கண் தெளிந்ததும் அடிமையாக அஞ்சி, நோய் மிகுந்ததெனப் பொய் சொன்னாள். அதனையறிந்த மருத்துவர் வெகுண்டு, பார்வையை அழிக்கும் மருந்தையே கொடுத்தார். மருந்து கண்ணைக் கெடுத்தது என்பது மருத்துவ நூலின் செய்தி. கெடுக்கவேண்டும் என்று தெரிந்தே கொடுத்தார் என்பதுதான் கன்மத்தின் செய்தி. கதையில் மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. அப்பழவினை அவர் கண்ணைப் பறித்தது. வீட்டை அடையும் வழியை அடைக்கவில்லை. விதியாயின் இவ்வாறு ஒரு வாயிலை மூடி மற்றொன்றைத் திறந்து வைத்திருத்தல் அதற்கு இயல்பன்று.

அவ்வாறாயின் உலகில் வரும் துன்பம் அனைத்தும் பழவினையின் பயன்தானோ? சிவகர் என்னும் பரிவிராசகர் ஒருவர் இராசகிருகத்தில் இதே வினாவைப் புத்தரிடம் எழுப்பினார். புத்தர் இல்லையென்றார். சில வேதனைகள் பித்தத்தால் வருகின்றன. சில சிலேட்டுமத்தால், சில வாதத்தால், சில இம்மூன்றும் கூடுவதால். பருவம் மாறுவதாலும், உடலை முறைதவறிப் பேணுவதாலும், பிறர் தாக்குவதாலும் வருவன உண்டு. இவ்வேழின் பின்னர் எட்டாவதாகவே கன்ம விபாகத்தை அவர் வைத்தார். எல்லாம் பழவினை என்போர், தாமே அறியக்கூடியதையும் உலகம் உண்மையென ஒப்புவதையும் மீறிப் பேசுகின்றனர் என்றும் கூறினார். பனியில் நனைந்து காய்ச்சல் கண்டவனிடம் அது உன் கன்மம் என்று கூறி மருந்தைத் தடுப்பவன், புத்தரின் கன்மக் கொள்கையைக் கூறுகின்றானல்லன். கோசாலரின் நியதியையே கன்மம் என்னும் பெயரில் கூறுகின்றான்.

5ஆம் நூற்றாண்டில் அநுராதபுர மகாவிகாரையில் உரைகளை எழுதிய புத்தகோசர், இவ்வேற்றுமையை ஒழுங்குபடுத்தி ஐந்து நியாமங்கள் எனத் தொகுத்தார். பருவங்களின் முறை ஒன்று. நெல்விதையில் நெல்லே முளைக்கும் முறை ஒன்று. எண்ணத்தின் பின் எண்ணம் தொடரும் மனத்தின் முறை ஒன்று. பொருள்களின் இயல்பு முறை ஒன்று. கன்மத்தின் முறை இவற்றோடு சேர்ந்த ஐந்தில் ஒன்று மட்டுமே. மழை பொய்ப்பதை ஊராரின் வினைமேல் ஏற்றிக் கூறுவோர் இப்பகுப்பை நோக்குதல் நன்று.

கன்மம் அளந்து கொடுக்கும் கணக்கும் அன்று. புத்தர் கூறிய உப்புக் கட்டியின் உவமை இதற்குச் சான்று. ஒரு கட்டி உப்பைச் சிறு கிண்ண நீரிலிட்டால் நீர் குடிக்க உதவாது. அதே கட்டியைக் கங்கையிலிட்டால் கங்கை உப்பாவதில்லை. அதுபோல், சிறு தீவினை ஒருவனைப் பெருந்துன்பத்தில் ஆழ்த்தவும், உள்ளம் விரிந்த மற்றொருவனிடம் அதே தீவினை சிறிதே தோன்றி மறையவும் கூடும். செய்த அளவே நுகர்ந்து தீரவேண்டும் என்றிருப்பின் அறவாழ்வுக்கு இடமேயில்லை என்பது அவர் கருத்து.

தமிழ் மரபு இவ்வழக்கை வேறொரு வகையில் தீர்த்தது. சைவ சித்தாந்தத்தில் கன்மம் சடம். தன் பயன் யாரைச் சேரவேண்டுமென அது அறியாது. ஆதலின் அதனைக் கூட்டுவிக்க அறிவுடைய இறைவன் வேண்டும் என்பர். அங்கு சேர்ந்து கிடப்பது சஞ்சிதம், இப்பிறவியில் நுகர வந்தது பிராரத்தம், இப்பொழுது புதிதாக ஈட்டுவது ஆகாமியம். நுகர வந்த பிராரத்தத்தையே ஊழ் என வழங்குவர். திருவள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்தார். ஊழ் அதிகாரத்துக்கு உரை கண்ட பரிமேலழகர் அதனை நியதி என்றே விளக்கினார். சொல் கோசாலருடையது, பொருள் அவருடையதன்று. இருவினைப் பயன் வேறொருவரைச் சேராது செய்தவனையே சென்று சேரும் ஒழுங்கினையே அவர் நியதி என்றார். அந்நூற்றாண்டுகளிலும் கோலார் முதலிய இடங்களில் ஆசீவகர்மீது வரி விதித்த சாசனங்கள் காணப்படுகின்றன. கோசாலரின் கூட்டம் வட நாட்டில் மறைந்த பின்னரும் தென்னாட்டில் நெடுங்காலம் இருந்து, பின்னர் வரிக்கணக்கிலும் பெயரின்றி மறைந்தது.