டாய்லெட்டில் துணி, நாப்கின் அடைத்துக்கொண்டால்: பீங்கான் உடையாமல் எடுப்பது எப்படி?

திருப்பூர் பகுதி வீடுகளில் பனியன் கம்பெனி கட்டிங் வேஸ்ட் துணி இல்லாத வீடு குறைவு. அடுப்பு துடைக்க, வண்டி துடைக்க, மாதவிடாய் நாட்களில் பயன்படுத்த என்று எல்லாவற்றுக்கும் அதுதான். டாய்லெட் அடைப்பில் அதிகம் தொல்லை தருவதும் இதே துணிதான். நம் வீடுகளில் சுத்தம் செய்யத் தண்ணீரையே பயன்படுத்துகிறோம். ஆகவே நன்றாகப் போய்க்கொண்டிருந்த டாய்லெட் திடீரென அடைத்தால், உள்ளே ஏதோ ஒரு பொருள் விழுந்திருக்கிறது என்றே முதலில் நினைக்க வேண்டும்.

பீங்கானுக்குக் கீழே எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்கும் ஒரு வளைவு உண்டு. அதை ‘ட்ராப்’ என்பார்கள். குழாயின் நாற்றம் வீட்டுக்குள் வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். துணியும் நாப்கினும் பெரும்பாலும் இந்த வளைவில்தான் சிக்கும். நாப்கினில் உள்ள ஜெல் தண்ணீரை உறிஞ்சி ஊதிப் பெரிதாகிவிடும். குழந்தைகளுக்குத் துடைக்கும் வைப்ஸ் காகிதம் போலத் தெரிந்தாலும், பலவற்றில் பாலியஸ்டர் இழை இருப்பதால் கரையாது.

ஐந்து குடும்பங்கள் ஒரே டாய்லெட்டைப் புழங்கும் லைன் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். காலையில் தண்ணீர் ஊற்றினால் பீங்கானில் ஏறி நின்று, மெதுவாக இறங்குகிறது. முதலில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். வெளியே உள்ள சேம்பர் மூடியைத் திறந்து, எட்ட நின்று பாருங்கள். சேம்பர் காலியாக இருந்தால் அடைப்பு டாய்லெட்டுக்கும் சேம்பருக்கும் நடுவில், அநேகமாக ட்ராப்பில் இருக்கிறது. அதை வீட்டிலேயே எடுக்க முயலலாம். சேம்பர் நிரம்பி நின்றால் அடைப்பு அதற்கு அப்பால் இருக்கிறது, அல்லது செப்டிக் டேங்க் நிறைந்திருக்கிறது. அது வீட்டில் செய்யும் வேலை அல்ல.

ட்ராப்பில்தான் அடைப்பு என்றால், முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, தேங்கிய தண்ணீரைப் பழைய மக்கால் வாளியில் எடுத்து வையுங்கள். டார்ச் அடித்துப் பாருங்கள். துணியின் நுனி தெரிந்தால் கையாலேயே பிடித்து இழுக்கலாம். தெரியாவிட்டால், கொஞ்சம் கனமான ஜி.ஐ. கம்பியின் நுனியைச் சிறு கொக்கியாக வளைத்து, பீங்கானில் கீறல் விழாதபடி கம்பியின் மேல் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். அதை வளைவுக்குள் மெதுவாக விட்டு ஒரே பக்கமாகத் திருகுங்கள். பனியன் துணி நெகிழும் துணி. சட்டென்று வெடுக்கென இழுத்தால் கிழிந்து பாதி உள்ளேயே நின்றுவிடும். திருகிக்கொண்டே நிதானமாக இழுத்தால் கயிறு போல் சுருண்டு வெளியே வரும்.

ரப்பர் பம்ப் பயன்படுத்துவதானால் அதன் வாய் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் இருக்க வேண்டும். மெதுவாக அழுத்தி, வேகமாக மேலே இழுங்கள். ஓங்கி அழுத்தினால் துணி அடுத்த வளைவுக்குப் போய்விடும். நீளமான மூங்கிலால் குத்தினாலும் இதே கதிதான்.

பலரும் முதலில் தேடுவது ஆசிட். அது நாப்கினின் பிளாஸ்டிக்கையோ பாலியஸ்டர் துணியையோ கரைக்காது. பீங்கானும் ட்ராப்பும் சேரும் இடத்தில் உள்ள சிமெண்ட் பூச்சைத்தான் அரிக்கும். பிறகு கம்பி விடுபவரின் முகத்தில் அந்த ஆசிட் தண்ணீர் தெறிக்கலாம். ஏற்கெனவே பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் விஷ வாயு கிளம்பும். கொதிக்கும் நீரை ஊற்றினால் பீங்கான் விரிசல் விடலாம். கடப்பாரை பட்டால் ட்ராப் உடையும். வெளியே தெரியாத இந்த விரிசலை ஒரு குறியால் அறியலாம்: யாரும் புழங்காமலேயே இரவோடு இரவாக ட்ராப் தண்ணீர் வற்றி, காலையில் நாற்றம் வரும்.

துணி வெளியே வந்ததும் ஒரு மக் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தடையின்றிப் போனால் ஒரு வாளி ஊற்றுங்கள். தண்ணீர் மறுபடி ஏறி நின்றால் மிச்சம் உள்ளே இருக்கிறது. இரண்டு மூன்று முறை முயன்றும் வரவில்லை என்றால், ஸ்பிரிங் கம்பி வைத்திருக்கும் பிளம்பரைக் கூப்பிடுவதே மேல். செப்டிக் டேங்குக்குள் மட்டும் யாரையும் இறக்காதீர்கள். உள்ளே உள்ள வாயு நிமிடங்களில் உயிரைப் பறிக்கும். பாதுகாப்பின்றி ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உரிமம் பெற்ற கழிவுநீர் லாரிக்கு 14420 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

அடைப்பு திரும்ப வராமல் இருக்க வழி, டாய்லெட்டுக்குள்ளேயே மூடியுள்ள ஒரு குப்பைக்கூடை வைப்பதுதான். பொது டாய்லெட்டில் நாப்கினை வெளியே எடுத்துவரக் கூச்சப்படும் பெண் பிள்ளைகள் வேறு வழியின்றித்தான் உள்ளே போடுகிறார்கள். கூடையோடு பழைய செய்தித்தாளும் இருந்தால் சுற்றிப் போட்டுவிடுவார்கள். அப்படிச் சுற்றித்தான் போட வேண்டும் என்றே 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளும் கூறின. அடைத்த அன்று “யார் போட்டது?” என்று சத்தம் போடாதீர்கள். திட்டுக்குப் பயந்து மறைப்பவர்கள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, கைக்கு எட்டும் துணியை எட்டாத இடத்துக்குத் தள்ளிவிடுவார்கள். உள்ளே விழுந்தது என்ன என்று உடனே தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.