ஜாயிண்ட் கஸ்டடி: அப்பா சந்தாபுரத்தில், அம்மா ஓசூரில்... பள்ளியையும் மருத்துவமனையையும் முடிவு செய்வது யார்?

கணவன் மனைவி பிரிந்த பிறகு குழந்தை இருவரிடமும் மாறி மாறி வளரலாம் என்று நீதிமன்றம் சொன்னால், அதை ஜாயிண்ட் கஸ்டடி என்கிறோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனா ஜூன் மாதம் ஃபீஸ் ரசீதில் யார் பெயர் வரும், ராத்திரி 11 மணிக்கு காய்ச்சல் வந்தா எந்த டாக்டர், டிசி வாங்க யார் கையெழுத்து என்ற கேள்விகள் வரும்போதுதான் சிக்கல் தெரியும். வேலை ஒரு மாநிலத்திலும் வீடு இன்னொரு மாநிலத்திலும் உள்ள ஓசூர் - அத்திப்பள்ளி பகுதியில் இந்தச் சிக்கல் இரண்டு மடங்கு.

சட்டத்தில் ஜாயிண்ட் கஸ்டடி இருக்கிறதா?

நேரடியாக இல்லை. குழந்தை கஸ்டடி வழக்குகளுக்கு அடிப்படை, எல்லா மதத்தினருக்கும் பொருந்தும் 1890-ம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டம். இந்துக்களுக்குக் கூடுதலாக 1956-ம் ஆண்டு சட்டம் ஒன்று உண்டு. 5 வயது வரை குழந்தை பொதுவாக அம்மாவிடம் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. எந்த வழக்கிலும் முதலில் பார்க்கப்படுவது குழந்தையின் நலன்தான். ‘கூட்டுப் பராமரிப்பு’ என்று தனிப் பிரிவு எதிலும் கிடையாது. 2015 மே மாதம் மத்திய சட்ட ஆணையம் தனது 257-வது அறிக்கையில் அதைச் சட்டத்திலேயே சேர்க்கச் சொன்னது. நாடாளுமன்றம் இன்னும் சேர்க்கவில்லை.

அதனால் நீதிபதி எழுதும் உத்தரவு, அல்லது இருவரும் பேசி கோர்ட்டில் தாக்கல் செய்யும் ஒப்பந்தம், இது இரண்டும்தான் சட்டம் மாதிரி. அதில் எழுதாமல் விட்டது எல்லாம் பின்னாடி சண்டையாக வரும்.

கர்நாடக ஐகோர்ட் கொடுத்த மாதிரி

இந்த விஷயத்தில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் உத்தரவு, எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்து வந்ததுதான். கே.எம்.வினயா - பி.ஆர்.ஸ்ரீனிவாஸ் வழக்கில் 2013 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு வழங்கியது. ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை குழந்தை அப்பாவிடம், ஜூலை 1 முதல் டிசம்பர் 31 வரை அம்மாவிடம். படிப்புச் செலவும் மற்ற செலவும் ஆளுக்குப் பாதி. ஒருவரிடம் குழந்தை இருக்கும்போது மற்றவர் சனி, ஞாயிறுகளில் பார்க்கலாம். போனிலோ வீடியோ காலிலோ குழந்தை பேசுவதைத் தடுக்கக் கூடாது.

சட்ட ஆணையமும் தன் அறிக்கையில் இந்த உத்தரவை எடுத்துக்காட்டியிருக்கிறது. வருடம் சரிபாதி, யாருக்கும் குறை இல்லை என்றுதான் தோன்றும். ஆனா பள்ளிக் காலண்டரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேற கதை.

ஜனவரியிலிருந்து ஜூன் வரைக்குள் தனியார் பள்ளிகளின் அடுத்த ஆண்டு அட்மிஷன், முழு ஆண்டுத் தேர்வு, முழு கோடை விடுமுறை, பள்ளி திறப்பு எல்லாம் வந்துவிடுகிறது. ‘எந்தப் பள்ளி’ என்று முடிவெடுக்கும் நேரம் முழுக்க ஒருவர் வீட்டிலேயே நடக்கிறது. மற்றவருக்குக் காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளும் ஆயுத பூஜை, தீபாவளி லீவும். நாட்கள் சமம், முடிவெடுக்கும் வாய்ப்பு சமமில்லை. இதே மாதிரியை எடுத்துக்கொள்கிறவர்கள், குழந்தை யாரிடம் இருந்தாலும் பள்ளி முடிவு இருவருடையது என்று தனியாக ஒரு வரி சேர்க்க வேண்டும். கோடை விடுமுறையையும் தனியாகப் பிரிக்க வேண்டும்.

இன்னொன்று. இரண்டு வீட்டிலிருந்தும் ஒரே பள்ளிக்குப் போக முடிந்தால்தான் ஆறு மாத ஏற்பாடு நடக்கும்.

எல்லையில் என்ன ஆகும்? ஒரு கணக்கு

புரிவதற்காக ஒரு கற்பனைக் குடும்பம். அம்மா ஓசூர் சிப்காட்டில் வேலை, சம்பளம் 18,000 ரூபாய், வீடு ஓசூர். அப்பாவுக்கு பொம்மசந்திராவில் வேலை, சம்பளம் 42,000 ரூபாய், வீடு சந்தாபுரம். மகள் ஓசூரில் 3-ம் வகுப்பு. இரண்டு வீட்டுக்கும் நடுவே சுமார் 15 கிலோமீட்டர், நடுவில் அத்திப்பள்ளி டோல்கேட்.

ஆறு மாதம் அப்பா வீட்டில் இருந்தாலும் பாப்பா ஓசூர் பள்ளிக்கே வரலாம். தினமும் போக வர 30 கிலோமீட்டர், காலை நெரிசலில். கஷ்டம்தான், ஆனா முடியும். “இங்கேயே பக்கத்துல ஒரு ஸ்கூல்ல போட்டுடலாம்” என்று அப்பா நினைத்தால்தான் பெரிய பிரச்னை. தமிழ்நாட்டில் 2006-ம் ஆண்டு சட்டப்படி தமிழ் கட்டாயப் பாடம். கர்நாடகத்தில் 2015-ம் ஆண்டு சட்டப்படி கன்னடம் கட்டாயம். மூணாவதில் தமிழ் எழுதும் பிள்ளை நாலாவதில் கன்னட எழுத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும். வருடம் இருமுறை இப்படி மாற்றுவது நடக்காத காரியம்.

ஆகவே ஒப்பந்தத்தில் ‘நல்ல பள்ளியில் படிக்க வைக்க வேண்டும்’ என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை. பள்ளியின் பெயரையே எழுத வேண்டும். எந்த வகுப்பு வரை அங்கே, அதன் பிறகு மாற்றுவதென்றால் எந்த மாதத்துக்குள் பேச வேண்டும், ஒத்துவராவிட்டால் என்ன என்பதும் வர வேண்டும். உதாரணமாக: ‘5-ம் வகுப்பு வரை இதே பள்ளி. மாற்ற விரும்புபவர் நவம்பர் 30-க்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். டிசம்பருக்குள் ஒத்துப்போகாவிட்டால் கோர்ட் முடிவு செய்யும் வரை இதே பள்ளி தொடரும்.’ இந்தக் கடைசி வரிதான் முக்கியம். சண்டை நடக்கும்போதும் குழந்தை எங்கேயோ படித்துக்கொண்டிருக்க வேண்டுமே.

ஃபீஸிலும் ‘பாதிப் பாதி’ எப்போதும் நியாயமாகாது. வருட ஃபீஸ் 50,000 ரூபாய் என்றால் பாதி 25,000. அது அம்மாவின் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். வருமான விகிதப்படி 30க்கு 70 என்று பிரித்தால் அம்மா 15,000, அப்பா 35,000. ஆனா ஒன்று: அதிகம் கட்டுகிறவர் “நான்தானே கட்டுறேன், ஸ்கூலையும் நானே முடிவு பண்றேன்” என்று ஆரம்பிப்பார். பணப் பங்கும் முடிவு உரிமையும் வேறு வேறு என்று எழுதி வைத்தால் இந்த வாதம் நிற்காது.

சொல்லாமல் டிசி வாங்கிவிட்டால்?

அதிகம் நடக்கும் மோசடி இதுதான். டிசி கேட்டால் தலைமை ஆசிரியர் தாமதிக்காமல் தர வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். டிசி வரவில்லை என்று புதிய பள்ளி அட்மிஷனைத் தள்ளவும் கூடாது. இடம்பெயரும் பிள்ளைகளுக்காக வந்த நல்ல விதி, ஆனா பிரிந்த பெற்றோரில் ஒருவர் அவசரமாகக் காய் நகர்த்தவும் அதே விதி உதவிவிடுகிறது.

தடுக்க ஒரே வழி, ‘இருவர் கையெழுத்தும் இல்லாமல் டிசி தரக் கூடாது’ என்ற வரியை கோர்ட் உத்தரவிலேயே வாங்கி, அதன் நகலை பள்ளியில் கொடுத்து ஒப்புகை வாங்குவது. ஒரு பெற்றோர் தானே எழுதிய கடிதத்துக்கு பள்ளி கட்டுப்பட வேண்டியதில்லை. பள்ளியின் வாட்ஸ்அப் குரூப்பிலும் பெற்றோர் சந்திப்புப் பட்டியலிலும் இரண்டு நம்பரும் இருக்கட்டும். ஒரு நாள் திடீரென்று நம்மை குரூப்பிலிருந்து நீக்கியிருந்தால் அது முதல் அறிகுறி.

மருத்துவமனையில் யார் கையெழுத்து?

12 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு சிகிச்சை தர, காப்பாளர் அல்லது சட்டப்படி அப்போது குழந்தையைப் பொறுப்பில் வைத்திருப்பவரின் சம்மதம் போதும் என்கிறது குற்றவியல் சட்டம் (முன்பு இ.பி.கோ., இப்போது பாரதிய நியாய சன்ஹிதா). உயிருக்கு ஆபத்தான நேரத்தில், சம்மதம் வாங்க ஆள் இல்லை, நேரமும் இல்லை என்றால் சம்மதம் இல்லாமலே டாக்டர் காப்பாற்றலாம். ஆக, “அவங்க அப்பா வந்தாதான் ஆபரேஷன்” என்று அவசர நேரத்தில் காத்திருக்கத் தேவையில்லை.

தகராறு வருவது அவசரமில்லாத சிகிச்சையில்தான். டான்சில் ஆபரேஷன் இப்போதே வேண்டுமா, பல்லுக்கு கிளிப் போடலாமா, மனநல ஆலோசகரிடம் கூட்டிப்போகலாமா. இதை மூன்றாகப் பிரித்து எழுதுவது எளிது. சளி, காய்ச்சல் என்றால் குழந்தை யாரிடம் இருக்கிறதோ அவர் முடிவு, மற்றவருக்கு அன்றே மெசேஜ். முன்கூட்டியே தேதி குறிக்கும் சிகிச்சைக்கு இருவர் சம்மதம், ஒத்துவராவிட்டால் இருவரும் ஏற்ற ஒரு குழந்தை நல மருத்துவர் சொல்வது. அவசரத்துக்கு சிகிச்சை முதலில், போன் பிறகு.

இன்ஷூரன்ஸ் அட்டையையும் பார்க்க வேண்டும். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு இஎஸ்ஐ. மேலே சொன்ன குடும்பத்தில் அம்மா வழியாக மகளுக்கு இஎஸ்ஐ உண்டு. அப்பா இஎஸ்ஐ வரம்பைத் தாண்டியவர், அவர் கம்பெனி குரூப் பாலிசி கொடுத்தால் அதில் மகள் பெயரைச் சேர்க்கலாம். ஆனா அட்டை அப்பாவின் போனில், பாப்பா அம்மாவோடு ஓசூர் ஆஸ்பத்திரியில் என்றால் பாலிசி இருந்தும் கையிலிருந்து பணம் கட்ட வேண்டி வரும். இரண்டு அட்டையின் நகலும் தடுப்பூசி அட்டையின் நகலும் இரண்டு வீட்டிலும் இருக்க வேண்டும். தடுப்பூசி விவரம் ஒரு வீட்டில் மட்டும் இருந்தால் அதே ஊசியை மறுபடி போடுவதும் நடக்கும், விட்டுப்போவதும் நடக்கும்.

ஷிப்ட் வேலைக்கு ‘சனி, ஞாயிறு’ சரிப்படுமா?

பெரும்பாலும் படாது. வாராந்திர லீவு சுற்றி வரும் கம்பெனிகளில் ஞாயிற்றுக்கிழமை நைட் ஷிப்ட் முடித்து வருகிறவருக்கு அந்த நாள் வெறும் தூக்கம். ‘ஷிப்ட் பட்டியல் வந்த 24 மணி நேரத்தில் மற்றவருக்கு அனுப்ப வேண்டும், சந்திப்பு நாள் அந்த வார லீவு நாள்’ என்று எழுதுவது நடைமுறைக்கு ஒத்தது. நேரில் பார்க்க முடியாத நாட்களுக்கு, 2020 ஜனவரியில் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உதவும்: கஸ்டடி இல்லாதவர் தினமும் 5 முதல் 10 நிமிடம் குழந்தையோடு பேச உரிமை வேண்டும்.

வழக்கு எங்கே போடுவது?

குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்துக்குரிய நீதிமன்றத்தில். மகள் ஓசூரில் வசித்தால், அப்பா பெங்களூருவில் இருந்தாலும் வழக்கு கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குத்தான் வரும். வழக்குக்கு முன் அவசரமாக வீடு மாற்றி, ‘வழக்கமாக வசிக்கும் இடம்’ எது என்பதையே சண்டையாக்குவதும் நடக்கிறது. பள்ளிப் பதிவு, வாடகை ஒப்பந்தம், ரேஷன் கார்டு இவைதான் அங்கே பேசும்.

கோர்ட் ஒருவரைக் காப்பாளராக நியமித்திருந்தால், அனுமதி இல்லாமல் குழந்தையை அந்த நீதிமன்ற எல்லைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்கிறது 1890 சட்டத்தின் 26-வது பிரிவு. ஓசூர்க்காரருக்கு அந்த எல்லை ஜூஜூவாடியிலேயே முடிந்துவிடுகிறது. சொந்தக்காரர் வீடு, ஷாப்பிங், டாக்டர் என்று எல்லாமே பெங்களூரு பக்கம் இருக்கும் ஊரில், ‘பெங்களூரு மாவட்டங்களுக்குத் தடையின்றி அழைத்துச் செல்லலாம்’ என்று முன்பே உத்தரவில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

வக்கீல் ஃபீஸ் பயம் இருப்பவர்களுக்கு ஒரு தகவல். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்பது பலருக்குத் தெரியும். அதே பட்டியலில் தொழிற்சாலைத் தொழிலாளியும் இருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்க வேண்டும்.

ஒருமுறை போட்ட உத்தரவை மாற்ற முடியுமா?

முடியும். சென்னை வழக்கான ரோசி ஜேக்கப் வழக்கில் 1973-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது: சூழ்நிலை மாறினால், குழந்தையின் நலனுக்காக கஸ்டடி உத்தரவை மாற்றலாம், இருவரும் சம்மதித்துப் போட்ட உத்தரவாக இருந்தாலும் சரி. வேலை மாற்றம், மறுமணம், பிள்ளை ஆறாவதுக்குப் போவது, எல்லாமே மறுபடி கோர்ட்டுக்குப் போகக் காரணமாகலாம். மனு போட்டு புதிய உத்தரவு வரும் வரை, பழைய உத்தரவில் உள்ளபடியே இருவரும் நடக்க வேண்டும்.