படுகைக் கூறெடுப்பும் கொத்துக் கூறெடுப்பும்

படுகைக் கூறெடுப்பில் ஊர்களை வட்டம், பாசன வசதி போன்றவற்றால் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் மாதிரி எடுக்கிறோம்; கொத்துக் கூறெடுப்பில் சில ஊர்களை மட்டும் குலுக்கலில் எடுத்து, அங்குள்ள வீடுகளுக்குப் போகிறோம். முன்னது துல்லியத்தைக் கூட்டும். பின்னது பயணச் செலவைக் குறைக்கும். இரண்டில் ஒன்றைத்தான் தேர வேண்டும் என்பது தவறான எண்ணம். இந்தியாவின் தேசியக் குடும்பநல ஆய்வு (2019–21) ஊர்களை முதலில் படுகைகளாக்கி, பிறகு தேர்ந்த ஊருக்கு 22 வீடுகள் என்று எடுத்தது.

போன ஊரிலேயே இன்னும் பல வீடுகளைக் கேட்டால் என்ன என்று தோன்றும். ஆனால் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கும் வீடுகள் ஓரளவு ஒத்த பதிலையே சொல்லும். இந்த ஒற்றுமையின் அளவு 0.05 என்று கொள்வோம். 50 ஊர்களில் தலா 22 வீடுகள் என்றால், சிதறல் 1 + 21 × 0.05 = 2.05 மடங்காகும், 1,100 வீடுகள் ஏறக்குறைய 537 வீடுகளுக்கே சமம். 70 ஊர்களில் தலா 11 எடுத்தால், 770 வீடுகள் 513-க்குச் சமம். நேர்காணல் 330 குறைந்தும் துல்லியம் அதிகம் இழக்கவில்லை. கூடுதல் 20 ஊர்களின் பயணச்செலவு அந்த 330 நேர்காணல்களின் செலவைவிடக் குறைவாக இருந்தால் மட்டுமே இது லாபம். குடிநீர் போல ஊர் முழுதும் ஒத்திருக்கும் விஷயத்தில் ஒற்றுமை இன்னும் மிகும். அங்கே ஊர்களைக் குறைக்கவே கூடாது.