சாட்பாட்டின் முதல் பதில்

சாட்பாட்டுக்கு ஒருவர் "ஹலோ" என்று மட்டும் எழுதினால், பெரும்பாலும் "வணக்கம், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்ற வகையிலேயே பதில் வரும். வங்கி, மருத்துவமனை, அரசு அலுவலகம் என்று எங்கே கேட்டாலும் இதில் பெரிய மாற்றம் இருக்காது. மென்பொருளின் திறமைக் குறைவு இதற்கு முழுக் காரணம் அல்ல. அந்த ஒற்றைச் சொல்லில் எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. முதல் பதிலைத் திட்டமிடுகிறவர்களின் வேலை, அந்தச் சொல்லுக்கு வெளியே கிடைக்கும் தகவலைத் தேடிச் சேர்ப்பதுதான்.

மனிதர்களின் பேச்சிலும் இதே நிலைதான். அமெரிக்கச் சமூகவியலாளர் இமானுவேல் ஷெக்லாஃப் தொலைபேசி அழைப்புகளின் தொடக்கங்களை ஆராய்ந்து 1968இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தொலைபேசி மணி ஒரு கூப்பிடல். அதற்கு எதிராளி ஏதேனும் பதில் தந்தாக வேண்டும். பதில் வந்ததும் காரணத்தைச் சொல்லும் பொறுப்பு அழைத்தவர்மேல் விழுகிறது என்பது அவர் கண்ட ஒழுங்கு. இப்படிப் பார்த்தால் "எப்படி உதவலாம்?" என்பது சரியான பதிலே. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னதாக, 1966இல், ஜோசஃப் வைசன்பாம் வெளியிட்ட எலைசா என்ற முன்னோடி நிரலும், வணக்கம் சொன்னவரிடம் உங்கள் பிரச்சினையைச் சொல்லுங்கள் என்றுதான் கேட்டது. அது முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்ட வரி.

பின்னர் வந்த வாடிக்கையாளர் சேவைச் சாட்பாட்டுகள், வரும் வாக்கியத்தை முன்பே வகுத்த நோக்கங்களில் ஒன்றோடு பொருத்திப் பார்ப்பவை. சம்பளம், விடுமுறை, முகவரி மாற்றம் போல வணக்கமும் அங்கே தனி நோக்கம். கூகுளின் டயலாக்ஃப்ளோவில் புதிய சாட்பாட்டைத் தொடங்கியதும் `Default Welcome Intent` என்று அது தானாகவே வந்து நிற்கும். அதை மாற்றாமல் விட்டவர்கள் பலர். பெரிய மொழி மாதிரிகளில் எழுதி வைத்த வரி இல்லை. முன்னால் இருக்கும் சொற்களை வைத்து அடுத்து எவை வரக்கூடும் என்று அவை கணிக்கின்றன. "ஹலோ"வுக்குப் பின் வீட்டுப்பாடம், சமையல், விசா என எது வேண்டுமானாலும் வரலாம். எல்லாவற்றுக்கும் பொருந்தக்கூடியது பொதுவான வரி மட்டுமே. மனிதர்களின் மதிப்பீட்டைக் கொண்டு அளிக்கும் பயிற்சியும் அந்தப் பணிவான தொனியை இன்னும் இறுக்கிவிடுகிறது. நிறுவனம் எது, பயனர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்று மாதிரிக்கு முன்கூட்டியே குறிப்பு எழுதிக் கொடுத்தால், அதே "ஹலோ"வுக்கு வேறு பதில் வரும்.

சிங்கப்பூரின் ஃபேரர் பார்க்கை எடுத்துக்கொண்டால் சிக்கல் தெளிவாகும். ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களிலும் முஸ்தஃபா சென்டர் பக்கமும் ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களும் வங்காளதேசத் தொழிலாளர்களும் கூடுவார்கள். அவர்களின் சம்பளப் புகார்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு சாட்பாட் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். `hi` என்று ஒருவர் அனுப்புகிறார். அவர் தமிழரா, வங்காளியா, சீனரா என்று அந்த இரண்டு எழுத்தில் தெரியாது. எல்லோரும் ஒரே ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். மொழியைக் கேட்டால் ஒரு சுற்று வீணாகும். கேட்காமல் ஆங்கிலத்தில் தொடங்கினால் சிலர் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

இதற்கு நல்ல வழி, "ஹலோ" வருவதற்கு முன்பே வேலையைத் தொடங்குவது. வாட்ஸ்அப் இணைப்பிலேயே முதல் செய்தியை நிரப்பி வைக்க முடியும்:

```
https://wa.me/<எண்>?text=சம்பளம் வரவில்லை
```

இதைக் குறியாக்கம் செய்து கியூஆர் கட்டமாக அச்சிட்டு, தமிழ்ச் சாப்பாட்டுக் கடையில் தமிழ் வரியுடனும், வங்காளிக் கடையில் வங்காள வரியுடனும் ஒட்டலாம். ஸ்கேன் செய்தவர் அனுப்பு பொத்தானைத் தட்டினால் போதும். மொழி, விஷயம் இரண்டும் முதல் செய்தியிலேயே வந்து சேரும். அவர் அந்த வரியை அழித்துவிட்டு `hi` என்று எழுதவும் கூடும் என்பதால், பழைய வழியையும் மூடிவிடக் கூடாது.

அந்தப் பழைய வழியில் வருகிறவருக்குத் திறந்த கேள்வியைவிடப் பொத்தான்கள் உதவும். வாட்ஸ்அப்பில் ஒரு செய்திக்கு மூன்று பதில் பொத்தான்கள்தான். ஒவ்வொன்றிலும் 20 குறிகள்தான். தமிழுக்கு இது நெருக்கடி. உயிர்மெய்க் குறிகளும் புள்ளிகளும் யூனிகோடில் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. "சம்பளம் கிடைக்கவில்லை" என்பது கண்ணுக்கு 12 எழுத்து. யூனிகோடுக் கணக்கில் இடைவெளியோடு 21. ஒன்றால் தோற்றுப்போகிறது. "சம்பளம் வரவில்லை" 16, அடங்கும். ஆங்கிலத்தில் வடிவமைத்துவிட்டுக் கடைசியில் மொழிபெயர்க்கக் கொடுக்கும் குழுக்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கின்றன. "சம்பளம் வரவில்லை", "வேலையில் காயம்", "வேறு கேள்வி" என மூன்று வைத்தால் பொத்தான்கள் நிறைந்துவிடும். மூன்றாவதை விடவே கூடாது. அது இல்லாவிட்டால் தன் பிரச்சினை பட்டியலில் இல்லாதவர் ஏதோ ஒன்றைத் தட்டித் தவறான வழியில் போய்விடுவார்.

முதல் பொத்தானைத் தட்டியவரிடம் அடுத்துக் கேட்க வேண்டியது ஒன்றே: எந்த மாதச் சம்பளம்? சிங்கப்பூர்ச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்த 7 நாட்களுக்குள் சம்பளம் தரப்பட வேண்டும். கூடுதல் நேர ஊதியத்துக்கு 14 நாட்கள். மாதம் தெரிந்தால் தாமதம் உண்மையா, இன்னும் அவகாசம் இருக்கிறதா என்று உடனே சொல்லலாம். பெயர், பணி அனுமதி எண் போன்றவற்றை வணக்கத்துக்கு அடுத்த வரியிலேயே கேட்பது மோசமான வடிவமைப்பு. முதலாளிக்குத் தெரிந்துவிடுமோ என்று பயப்படுகிறவர் அதைக் கண்டதும் ஓடிவிடுவார்.

முதல் பதில் ஒழுங்காக இருந்தும் இரண்டாவது கெட்டுப்போவதுண்டு. 2014இல் அறிமுகமாகி 70க்கும் மேற்பட்ட சிங்கப்பூர் அரசு இணையதளங்களில் இடம்பெற்ற 'ஆஸ்க் ஜேமி' என்ற சாட்பாட் ஒரு பாடம். 2021 அக்டோபரில், தம் மகளுக்குக் கோவிட் பாசிட்டிவ், என்ன செய்வது என்ற பொருளில் சுகாதார அமைச்சின் தளத்தில் எழுதிய கேள்விக்கு, பாதுகாப்பான உடலுறவு பற்றிய அறிவுரை பதிலாக வந்தது. அந்த உரையாடலின் திரைப்பிடிப்பு இணையத்தில் பரவியதும் சேவை தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. 'பாசிட்டிவ்' என்ற சொல் வேறொரு நோய் பற்றிய பதிலோடும் பொருந்தக்கூடியது. எதைப் பற்றிப் பதில் சொல்லும் என்று ஒரு சாட்பாட் முதல் வரியிலேயே அறிவிப்பதும், உறுதி குறைவாக இருந்தால் பதிலுக்குப் பதிலாக இரண்டு தேர்வுகளைக் காட்டுவதும் இத்தகைய விபத்தைக் குறைக்கும்.

முதல் பதில் வேலை செய்கிறதா என்று பதிவேடுகளில் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். வணக்கத்துக்குப் பின் எத்தனை பேர் மௌனமானார்கள், எத்தனை பேர் மறுபடியும் "ஹலோ" என்று எழுதினார்கள் என்பவையே நல்ல அறிகுறிகள். இரண்டாவது ஹலோ, பதில் தந்தது இயந்திரமா ஆளா என்று பயனருக்குப் புரியவில்லை என்பதையோ, மொழி பிடிபடவில்லை என்பதையோ காட்டும். குரல் செய்திகள் மிகுதியாக வந்தால் எழுதுவது சிரமமாக இருக்கிறது என்று பொருள்; அவற்றுக்கு "புரியவில்லை" என்ற பதில் போனால் பலரை இழக்க நேரும்.

சிறு அமைப்புகள் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியின் தானியங்கி வரவேற்புச் செய்தியை நம்புவதுண்டு. அது முதல்முறை எழுதுபவருக்கும், 14 நாட்கள் பேச்சில்லாமல் இருந்து திரும்பி வருபவருக்கும் மட்டுமே போகும். ஞாயிறுதோறும் ஃபேரர் பார்க்குக்கு வருகிற தொழிலாளி, போன வாரம் எழுதியவர் என்றால், இந்த வாரம் "ஹலோ" என்று எழுதினாலும் அவருக்கு அந்த வரவேற்பு வராது.