விலை கேட்பவருக்கு எங்கே பதில் சொல்வது?

வீட்டில் பொருள் செய்து முகநூலில் விற்கும் வன்னிப் பெண்கள் பலரின் பக்கங்களைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனையோலைப் பெட்டி, தைத்த சட்டை என்று பொருள் எதுவாக இருந்தாலும் படத்தின் கீழே வரும் கேள்வி ஒன்றுதான். "பிறைஸ் பிளீஸ்", "எவ்வளவு அக்கா?", "விலை?". அதற்கு வரும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "இன்பொக்ஸ் பாருங்கோ." இந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் எத்தனையோ விற்பனைகள் காணாமல் போகின்றன. அது எப்படி நடக்கிறது, விலையைப் படத்துடன் எழுதும் வாசகத்திலேயே, அதாவது கப்ஷனிலேயே, எப்போது போட வேண்டும் என்பதை ஒரு அக்காவின் அனுபவத்தோடு சொல்கிறேன்.

இன்பொக்ஸ் பதில் போய்ச் சேருவதில்லை

தனிப்பட்ட கணக்கிலிருந்து விற்பவர், தன் நண்பர் பட்டியலில் இல்லாத ஒருவருக்கு விலையை அனுப்பினால் அந்தச் செய்தி பொதுவாக அவருடைய வழமையான பெட்டிக்குள் விழாது. Message requests என்ற தனிப் பகுதிக்குள் போய்விடும். அப்படி ஒரு பகுதி இருப்பதே பலருக்குத் தெரியாது. விற்றவர் "பதில் அனுப்பிட்டன், ஆள் வாங்கேல்லை" என்று நினைக்கிறார். கேட்டவர் "கேட்டன், மதிச்சுப் பதில் சொல்லேல்லை" என்று நினைக்கிறார். இரண்டு பேரிலும் பிழையில்லை.

வியாபாரப் பக்கம் திறந்து வைத்திருப்பவர்களுக்கு நிலைமை கொஞ்சம் மேல். பக்கத்திலிருந்து ஒரு கொமண்டுக்குத் தனிச்செய்தி அனுப்பலாம். ஆனால் ஒரு கொமண்டுக்கு ஒரு செய்திதான், அதையும் 7 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். அவர் திரும்ப எழுதினால்தான் உரையாடல் தொடரும். ஆகவே அந்த ஒரே செய்தியில் "வணக்கம்" என்று மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் வாய்ப்பு முடிந்தது.

இன்னும் இரண்டு ஆபத்துகள் உண்டு. விலை கேட்டவர்களின் பெயர்கள் எல்லோருக்கும் தெரியும்படி இருப்பதால், விற்பவரின் படத்தையும் பெயரையும் போட்டுப் போலிக் கணக்குத் திறப்பவர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் எழுதி, வங்கிக் கணக்குக்கு முற்பணம் போடச் சொல்கிறார்கள். விலை வெளியில் இருந்தால் இன்பொக்ஸில் வேறு விலை சொல்பவன் மேல் சந்தேகம் வரும். விலை மறைவாக இருக்கும்போது அவன் சொல்வதே விலையாகிவிடுகிறது.

மற்றது, தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்களுக்கு இரவு பத்து மணிக்கு வரும் "பிறைஸ் பிளீஸ்" எல்லாமே விலைக்காக வருவதில்லை. இன்பொக்ஸில் கதை தொடங்க அது ஒரு சாட்டு. விலை கப்ஷனில் இருந்தால் அந்தச் சாட்டு இல்லாமல் போகிறது.

கேட்காமல் போகிறவர்கள்

கொமண்டில் கேட்பவர் வாங்கும் எண்ணத்தில் பாதி வழி வந்தவர். கேட்காமல் போகிறவரை நாம் பார்ப்பதே இல்லை. எங்கள் ஊர்களில் பொது இடத்தில் விலை கேட்பது சிலருக்குக் கூச்சம். கேட்டு, விலை கூடவாக இருந்து, வாங்காமல் விட்டால் சொந்தக்காரர் பார்ப்பார்களே என்ற எண்ணம். கையில் 1000 ரூபா மட்டும் வைத்திருப்பவருக்கு அந்தக் கூச்சம் இன்னும் அதிகம். விலை எழுதியிருந்தால் அவர் யாருக்கும் தெரியாமல் கணக்குப் பார்த்து முடிவு எடுக்கலாம்.

ஒரு மிளகாய்த்தூள் கணக்கு

கிளிநொச்சிப் பக்கத்தில் வறுத்து அரைத்த மிளகாய்த்தூள் விற்கும் அக்கா ஒருவரின் பதிவை அவரோடு இருந்து எண்ணினேன். 27 பேர் விலை கேட்டிருந்தார்கள். எல்லோருக்கும் இன்பொக்ஸில் பதில் போட்டிருந்தார். 9 பேர் திரும்ப எழுதினார்கள். 4 பேர் வாங்கினார்கள்.

"விலையை ஏன் அக்கா போடேல்லை?" என்று கேட்டேன். மூன்று காரணம் சொன்னார். "தம்பி, ரவுண் கடைக்காரருக்கு 500 கிராம் 900 ரூபாக்குக் குடுக்கிறன், அவர் 1050க்கு விக்கிறார். நான் வெளியில விலை போட்டா அவரோட பிரச்சினை. செத்தல் விலையும் ஏறி இறங்குது. விலையைப் பாத்தாச் சனம் ஓடிடும் எண்டும் பயம்."

முதலாவது காரணம் நியாயமானது. ஆனால் அதற்குத் தீர்வு மறைப்பது அல்ல, கடையின் சில்லறை விலையையே தானும் போடுவது. 1050 என்று எழுதினால் கடைக்காரருக்கு இடையூறில்லை, மிச்ச 150 ரூபாவும் அக்காவின் உழைப்புக்குக் கிடைக்கும். இரண்டாவதுக்குத் தீர்வு, விலைக்குத் திகதி போடுவது. 2022 மார்ச்சில் ரூபா விழத் தொடங்கி, 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 350ஐத் தாண்டியது. வெளியிலிருந்து இறக்குமதியாகும் செத்தல் போன்ற பொருட்களின் விலை அதோடு ஏறியது. அதற்கு முந்தைய பதிவு ஒன்றை இன்று யாரும் பகிர்ந்தால், அதில் திகதி இல்லாத விலை வாக்குவாதத்தில்தான் முடியும். மூன்றாவது காரணத்துக்குப் பதில் சுருக்கமானது: விலையைப் பார்த்து ஓடுபவர் இன்பொக்ஸிலும் ஓடுவார், பத்து நிமிடத்தை எடுத்துக்கொண்டு.

பிறகு கூரியர் கணக்குப் பார்த்தோம். அவர் பாவிக்கும் கூரியரில் முதல் கிலோவுக்கு 400 ரூபா. 250 கிராம் தூள் 550 ரூபா என்றால், வாங்குபவர் மொத்தம் 950 கொடுக்க வேண்டும். தூள் விலையின் முக்கால் பங்கு அளவு கூரியருக்கே போகிறது. கடைசி நேரத்தில் இதைக் கேட்டுத்தான் பலர் பின்வாங்கியிருந்தார்கள். 1 கிலோ பக்கற்றிலும் ஒரு சிக்கல் இருந்தது. பொதி செய்ததும் நிறை 1 கிலோவைத் தாண்டி, அடுத்த கிலோவுக்கும் கட்டணம் விழுந்தது. ஆகவே அதை 900 கிராம் ஆக்கினோம். 1850 ரூபா தூளுக்கு 400 ரூபா கூரியர் என்பது ஐந்தில் ஒன்றைவிடச் சற்றுக் கூட. புதிய கப்ஷன் இப்படி அமைந்தது:

"வறுத்து அரைத்த மிளகாய்த்தூள். 250 கிராம் 550 ரூபா, 500 கிராம் 1050 ரூபா, 900 கிராம் 1850 ரூபா. கூரியர் இலங்கை முழுவதும் 400 ரூபா, மூன்று அளவுக்கும் ஒரே கட்டணம். இந்த விலை ஜூன் 30 வரை. கிளிநொச்சியில் நேரில் எடுப்பவர்களுக்குக் கூரியர் இல்லை."

விலை முதல் இரண்டு வரிக்குள் வருவது முக்கியம். நீளமான வாசகத்தை முகநூலும் இன்ஸ்டகிராமும் See more, more போன்ற சொற்களுக்குப் பின்னால் மடித்துவிடும். அதை அழுத்தாதவருக்கு விலை இல்லாதது போலத்தான். படத்தின் மேல் மட்டும் விலை எழுதுவதும் போதாது. போரில் கண்பார்வை இழந்தவர்கள் கைபேசியின் திரைவாசிப்பு வசதியால் பதிவுகளைக் கேட்கிறார்கள். கப்ஷனின் எழுத்தை அது வாசிக்கும், படத்துக்குள் எழுதிய விலையைச் சரியாக வாசிக்கும் என்று நம்ப முடியாது.

கப்ஷனில் ஒரே விலை போட முடியாத இடம்

சொல்லிச் செய்யும் பொருளுக்கு ஒரு விலை இல்லை. சாமத்திய வீட்டுக்குப் பலகாரம் போட்டுக் கொடுக்கும் சின்னப் பனையோலைப் பெட்டியை எடுங்கள். அளவு, மூடி, சாயம் போட்ட ஓலை, எண்ணிக்கை என்பவற்றைப் பொறுத்து விலை மாறும். அங்கேயும் வெறுமனே "தொடர்பு கொள்ளவும்" என்று விடக்கூடாது. படத்தில் உள்ள பெட்டியின் விலையையாவது எழுத வேண்டும்: "படத்தில் உள்ளது 4 அங்குலம், மூடியுடன். 50க்கு மேல் எடுத்தால் ஒன்று 180 ரூபா. அளவும் சாயமும் மாறினால் விலை மாறும்." கேட்பவரிடம் திரும்பக் கேட்க வேண்டியவை மூன்று: எத்தனை பெட்டி, எத்தனை அங்குலம், எந்தத் திகதிக்கு. இந்த மூன்றும் தெரிந்தால் ஒரே பதிலில் விலை சொல்லலாம்.

நண்டு, மீன் போல நாளுக்கு நாள் விலை மாறும் பொருளைப் பதிவாகப் போடாமல், ஒரு நாளில் மறையும் வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அன்றைய விலையோடு போடுவது நல்லது.

விலை போட்ட பிறகும் கேட்டால்

கேட்பார்கள். "மேல எழுதிக் கிடக்கு, வாசியுங்கோ" என்று மட்டும் சொல்லாதீர்கள். விலையையும் அடுத்த கேள்வியையும் சேர்த்து அதே இடத்தில் எழுதுங்கள்: "500 கிராம் 1050 ரூபா தங்கச்சி, கூரியர் 400. எந்த ஊருக்கு அனுப்ப வேணும்?" முந்தைய ஆளுக்குச் சொன்ன பதில் அடுத்தவருக்குத் தெரியும் என்று இருக்க வேண்டாம். முகநூல் எல்லாக் கொமண்டையும் எல்லோருக்கும் விரித்துக் காட்டுவதில்லை. வெளியில் முடிய வேண்டியது விலை மட்டும்தான். முகவரியும் தொலைபேசி இலக்கமும் இன்பொக்ஸுக்கு உரியவை, அவற்றைக் கொமண்டில் வாங்கக்கூடாது.

விலை போட்ட பிறகும் மூன்று நான்கு பேர் தொடர்ந்து கேட்டால், விலை மடிப்புக்குப் பின்னால் இருக்கிறது என்று கொள்ளுங்கள். மேலே தூக்கி எழுதுங்கள். விலையை மாற்றும்போது பழைய பதில்களையும் பார்த்து, மாறிவிட்டது என்று அங்கேயே குறிப்பிடுங்கள். கப்ஷனைத் திருத்தினாலும் கீழே உள்ள பழைய விலை தானாக மாறாது. சொன்ன திகதிக்குள் பழைய விலையில் கேட்டவருக்கு அந்த விலைக்கே கொடுங்கள்.

விலை போட்டால் கொமண்ட் குறையும், ஆகவே பதிவு பலரைச் சென்றடையாது என்பது பலரின் பயம். கொமண்ட் குறைவது உண்மை. ஆனால் கொமண்ட் கேட்டுத் தூண்டும் பதிவுகளைக் கீழே தள்ளப் போவதாக முகநூல் 2017 டிசம்பரிலேயே அறிவித்தது. "விலைக்குக் கொமண்ட் பண்ணுங்கோ" என்று எழுதுவது அந்த வகைக்குள் விழலாம்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் 2003இல் வந்தது, முகநூல் தொடங்குவதற்கு ஒரு வருடம் முன்னர். வியாபாரி தன் கடையில் வாடிக்கையாளர் பார்க்கும் இடத்தில் விலையைக் காட்ட வேண்டும் என்று அது சொல்கிறது. கைபேசித் திரையைக் கடையாக வைத்திருப்பவரும் அந்த ஒழுங்கைத் தானாகவே கடைப்பிடிப்பது வாங்குபவரின் நம்பிக்கைக்கு நல்லது.

அக்காவின் அடுத்த பதிவில் விலை கேட்டவர்கள் 5 பேர்தான். அந்தக் கிழமை 11 பொதிகள் போயின, அவற்றில் 7 பொதிகள் 900 கிராம். "முந்தி இரவு முழுக்கப் பதில் எழுதினன், இப்ப அந்த நேரத்துக்கு வறுக்கிறன்" என்றார்.